சென்னை – பெங்களூரு: விமானமா, ரயிலா? வாசலிலிருந்து ஒரு கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் நாலரை மணி நேரம். டிக்கெட் வாங்கும் செயலியில் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மீனம்பாக்கத்திலிருந்து தேவனஹள்ளி வரைக்குமானது. அங்கேயே குடியிருந்து அங்கேயே வேலை பார்ப்பவர் எத்தனை பேர்? நம்முடைய பயணம் வீட்டு வாசலில் தொடங்கி, போகவேண்டிய அலுவலகத்தின் வாசலில்தான் முடிகிறது. கணக்கையும் அங்கிருந்தே போட வேண்டும்.

ரயில் பாதையில் சுமார் 360 கிலோமீட்டர் தொலைவுள்ள இந்தத் தடம் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்க மிகப் பொருத்தமானது. இதைவிடக் குறைந்த தூரத்துக்கு விமானத்தை யாரும் நினைப்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் என்றால் ரயிலை நினைப்பதில்லை. இந்த நடுத்தரத் தூரத்தில்தான் தராசு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும்.

2008-ல் மாறிய கணக்கு

ஒரு காலத்தில் இந்தத் தடத்தில் விமானமே வேகமானது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. பெங்களூரின் பழைய விமான நிலையம் எச்.ஏ.எல். வளாகத்தில், ஏறக்குறைய ஊருக்குள்ளேயே இருந்தது. எம்.ஜி. சாலைக்கு ஆட்டோவில் போய்விடலாம். 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டதும் பயணிகள் விமானங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. புதிய நிலையம் நகரின் நடுப்பகுதியிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். விமானம் பறக்கும் நேரம் அதேதான். தரையில் கழியும் நேரம்தான் கூடியது.

ரயில் பக்கம் நேர்மாறாக நடந்தது. 2022 நவம்பரில் சென்னை – மைசூரு வந்தே பாரத் ஓடத் தொடங்கியபோது, சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூரு சிட்டி ஸ்டேஷனுக்கு ஆகும் நேரம் நாலரை மணிக்குள் வந்தது. அந்த ஸ்டேஷனை ஒட்டியே மெட்ரோவும் இருக்கிறது. ஆக, ஒருபக்கம் விமான நிலையம் ஊரைவிட்டு விலகிப் போக, இன்னொருபக்கம் ரயில் நிலையம் ஊரோடு இன்னும் நெருங்கிவந்தது.

ஒரு காலைப் பயணம், நிமிடம் நிமிடமாக

அண்ணா நகரில் வசிக்கும் ஒருவருக்கு, பெங்களூரு எம்.ஜி. சாலையில் காலை 11 மணிக்கு ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் முன்னதாக, 10.50-க்கு அங்கே இருக்க வேண்டும். கையில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு மடிக்கணினிப் பையும் இருக்கின்றன.

முதலில் ரயில். விடிகாலை 5 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் அந்நேரத்துக் காலியான சாலையில் 25 நிமிடத்தில் சென்ட்ரல். வண்டி 5.50-க்கு. பெங்களூரு சிட்டி ஸ்டேஷனில் இறங்கும்போது மணி சுமார் 10.15. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்து, ஊதா தடத்தில் ஐந்து நிலையங்கள் தாண்டி எம்.ஜி. சாலையில் இறங்கி, அலுவலகத்துக்கு நடந்து சேர 35 நிமிடம். மணி 10.50. மொத்தம் 5 மணி 50 நிமிடம்.

இனி விமானம். அதே 10.50-ஐப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வருவோம். தேவனஹள்ளியிலிருந்து எம்.ஜி. சாலைக்குக் காலை நெரிசலில் டாக்சிக்கு 80 நிமிடம். டாக்சி வந்து ஏறுவதற்குப் பத்து நிமிடம். பெட்டி பெல்ட்டில் வந்து சேர 20 நிமிடம். விமானத்திலிருந்து இறங்கி பெல்ட்வரை நடக்க 15 நிமிடம். அப்படியானால் விமானம் 8.45-க்கு நிலையத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். அட்டவணைப்படி பயண நேரம் ஒரு மணி பத்து நிமிடம் என்றால், சென்னையில் புறப்பாடு 7.35. ஒன்றரை மணி நேரம் முன்னதாக, 6.05-க்கு மீனம்பாக்கம் வாசலில் இருக்க வேண்டும். அண்ணா நகரிலிருந்து அங்கே 45 நிமிடம். ஆக, வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 5.20-க்கு. மொத்தம் 5 மணி 30 நிமிடம்.

நாலரை மணிக்கு எதிராக ஒரு மணி என்று தொடங்கிய பந்தயத்தில், வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் மிஞ்சும் வித்தியாசம் இருபது நிமிடம்தான். இந்த விமானப் பயணத்தில் விமானத்துக்குள் கழியும் நேரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு ஊர்ச் சாலைகளிலும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமே இரண்டு மணியைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், இறங்கிய பின் நிறுத்துமிடத்துக்கு வரும் நேரம் ஆகியவற்றைத் தனியே கூட்டிவிடுவார்கள். அது தேவையில்லை. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போன ஊரில் நிற்பது வரைக்குமானது. வானில் இருப்பது முக்கால் மணி நேரம்தான் என்றாலும், அட்டவணை ஒரு மணிக்கு மேல் காட்டுவது இதனால்தான்.

ஒன்றரை மணி நேரம் எங்கே போகிறது?

உள்நாட்டு விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக ஏன் போக வேண்டும்? பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் கூட்டத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் பெட்டி. பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் இருக்கும்போதே மூடிவிடுகின்றன. அந்த நிமிடத்துக்குப் பிறகு போனால், விமானம் கண்ணெதிரே நின்றாலும் பெட்டியை வாங்க மாட்டார்கள். கவுன்டர் வரிசைக்கென்று அரை மணியைச் சேர்த்தால் ஒன்றரை மணி ஆகிவிடுகிறது.

வாசலிலேயே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக் காவலர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்ப்பார். டிஜி யாத்ராவில் பதிந்தவர்கள் முகத்தைக் காட்டி நுழையத் தனி வழி உண்டு. கவுன்டரில் பெட்டியை எடை போட்டு, பட்டை ஒட்டி அனுப்பியதும் அடுத்தது பாதுகாப்புச் சோதனை. இங்கே நேரத்தைத் தின்பது உடல் சோதனையைவிடத் தட்டு வரிசைதான். மடிக்கணினி, பவர் பேங்க், பர்ஸ், சில்லறை எல்லாவற்றையும் தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். வெளியே எடுக்காமல் விட்ட சார்ஜரோ குடையோ திரையில் புரியாத நிழலாகத் தெரிந்தால், பை பக்கத்து வரிசைக்கு ஒதுங்கிவிடும். அங்கே நமக்கு முன்னால் நாலு பைகள் காத்திருக்கும். அதற்குப் பத்து நிமிடம் போய்விடும். பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பியவர் பாடு இன்னும் மோசம். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்படைத்த பெட்டியைத் திறந்து எடுக்கச் சொல்லித் திரும்ப அழைப்பார்கள்.

அதன் பிறகு புறப்பாட்டு வாயில். விமானம் கிளம்ப 25 நிமிடம் இருக்கும்போது அதையும் மூடிவிடுவது வழக்கம். வாயிலிலிருந்து நேராக விமானத்துக்குள் நடக்கும் பாலமா, அல்லது பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் படியேற்றுவார்களா என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

இப்போது அந்தப் பெரிய பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கணக்கை மறுபடி போடுவோம். ஏழு கிலோவுக்குள் ஒரு கைப்பை மட்டும். முந்தின நாளே செல்பேசியில் வெப் செக்-இன் ஆயிற்று. கவுன்டர் மூடும் நேரம் இனி நம்மைக் கட்டுப்படுத்தாது. வாயில் மூடும் நேரம்தான் கெடு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் போதும். அந்தப் பக்கம் பெல்ட் அருகில் நிற்கும் 20 நிமிடமும் மிச்சம். மொத்தம் 4 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. ரயிலைவிட ஒரு மணி பத்து நிமிடம் குறைவு. இருபது நிமிட வித்தியாசம் ஒரு மணியைத் தாண்டி விரிந்ததற்குக் காரணம் விமானமோ சாலையோ இல்லை, ஒரு பெட்டிதான்.

பெட்டி வரும் நேரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. விமானத்தின் இன்ஜின் நின்ற பத்து நிமிடத்தில் முதல் பெட்டியும், முப்பது நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற விதியைக் கடைப்பிடிக்கும்படி, 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நம் பெட்டி கடைசிப் பெட்டியாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

கெடுவுக்கு முன், கெடுவுக்குப் பின்

மேலே சொன்ன நிமிடங்கள் எல்லாம் வழக்கமான நாளுக்கானவை. ஆனால் எல்லா நிமிடமும் ஒரே மாதிரி இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும்போது டாக்சி அரை மணி தாமதமானால், அரை மணி தாமதமாகப் போய்ச் சேருவோம், அவ்வளவுதான். விமான நிலையத்துக்குப் போகும்போது அதே அரை மணி தாமதமானால் விமானமே போய்விடும். எனவே கெடுவுக்கு முன் வரும் சாலைப் பயணத்துக்குச் சராசரி நேரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது; மோசமான நாளின் நேரத்தைத்தான் வைக்க வேண்டும். சாலை நன்றாக இருந்தால் மிச்சமாகும் நேரம், விமான நிலைய நாற்காலியில் காத்திருப்பதாகக் கழியும். அதுவும் பயண நேரம்தான்.

பெங்களூரிலிருந்து திரும்பும் பயணத்தில் இது நன்றாகவே உறைக்கும். எம்.ஜி. சாலையிலிருந்து மாலையில் தேவனஹள்ளிக்குக் கிளம்புகிறவர் ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டியாக வேண்டும். நல்ல நாளில் ஒரு மணி நேரத்தில் போகலாம். மழை பெய்த வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரமும் ஆகலாம். இரவு 8 மணி விமானம் என்றால், 6.30-க்கு அங்கே இருக்க 4.30-க்கே கிளம்ப வேண்டும். சென்னையில் 9.10-க்கு நிலையத்தில் வந்து நின்று, பெட்டியை எடுத்து, நிலையத்தோடு இணைந்த மெட்ரோவில் ஏறி ஆலந்தூரில் தடம் மாறி அண்ணா நகர் வீட்டை அடையும்போது மணி 10.40. மொத்தம் 6 மணி 10 நிமிடம்.

அதே மாலையில் சதாப்தி ரயில் பெங்களூரு சிட்டியிலிருந்து நாலரை மணிவாக்கில் கிளம்பி, ஒன்பதேகாலை ஒட்டிச் சென்ட்ரலுக்கு வருகிறது. 3.45-க்கு எம்.ஜி. சாலையில் மெட்ரோ ஏறுகிறவர் சாலை நெரிசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு ‘மோசமான நாள்’ என்பதும் வழக்கமான நாள்போலத்தான். இரவு 9.50-க்கு வீடு. மொத்தம் 6 மணி 5 நிமிடம். காலையில் இருபது நிமிடம் முந்திய விமானம் மாலையில் அதையும் இழந்துவிடுகிறது.

தாமதத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம். விமானம் 15 நிமிடம்வரை பிந்தினாலும் அது நேரத்துக்கு வந்ததாகவே விமானப் போக்குவரத்துத் துறையின் புள்ளிவிவரத்தில் சேரும். மார்கழி, தை மாதங்களில் தேவனஹள்ளியின் விடிகாலை மூடுபனி முதல் சில விமானங்களைத் தடுமாற வைக்கும். போகி அன்று காலையில் அந்த வேலையைச் சென்னையின் புகை பார்த்துக்கொள்ளும். ரயிலும் பிந்தத்தான் செய்யும். ஆனால் இருபது நிமிட வித்தியாசத்தில் நிற்கும் ஒரு பந்தயத்தில், கொஞ்சம் தாமதமே முடிவை மாற்றிவிடும்.

எந்த வாசல் என்பதே கேள்வி

இதுவரை போட்டது அண்ணா நகருக்கும் எம்.ஜி. சாலைக்குமான கணக்கு. வாசலை மாற்றினால் விடையும் மாறும்.

சென்னைப் பக்கம் பார்ப்போம். தாம்பரத்தில் இருப்பவருக்கு விமான நிலையம் 25 நிமிடத் தொலைவு. புறநகர் ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். அவருக்குச் சென்ட்ரல்தான் தூரம். பார்க் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து போவதற்குள் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். அண்ணா நகர்க்காரரோடு ஒப்பிட்டால் விமானத்துக்குச் சாதகமாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் சாய்கிறது. பெரம்பூர், வியாசர்பாடி வாசிகளுக்கு இது அப்படியே தலைகீழ்.

பெங்களூருப் பக்கம் இன்னும் சுவாரசியம். ஹெப்பாள், எலஹங்கா, மான்யதா வளாகம் போன்ற வடக்குப் பகுதிகள் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே இருக்கின்றன. டாக்சிக்கு 80 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம். சிட்டி ஸ்டேஷனிலிருந்து அங்கே போகவோ கூடுதல் நேரமாகும். இவர்களுக்குப் பெட்டி இருந்தாலும் விமானமே ஒரு மணிக்கு மேல் மிச்சப்படுத்தும். இரண்டாவது எண்ணம் வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டுக்குப் போகிறவர் நிலைமை வேறு. விமான நிலையத்திலிருந்து அவருக்கும் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. ஆனால் ரயிலில் அவர் சிட்டி ஸ்டேஷன்வரை போகத் தேவையில்லை. கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் விரைவு வண்டி கிடைத்தால் அரை மணி முன்னதாகவே இறங்கி, 2023-லிருந்து அங்கே ஓடும் ஊதாத் தட மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு போய்விடலாம். அப்போது பெட்டியோடு போகும் விமானப் பயணமும் ரயில் பயணமும் சமமாகிவிடுகின்றன. ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தை மட்டும் பார்க்காமல் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

விமான நிலையம் ஊரில் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று தெரிய, சென்னை – கோவைத் தடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வந்தே பாரத் அங்கே போக 5 மணி 50 நிமிடம் எடுத்துக்கொண்டது. முன்னும் பின்னும் சேர்த்தால் ஏழு மணி நேரம். விமான நிலையமோ பீளமேட்டிலேயே இருக்கிறது. காந்திபுரத்துக்கு அரை மணி. பெட்டியோடு போனாலும் வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். ரயில் தூரம் கூடுவது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். விமானத்தின் முன்னிலையோ இருபது நிமிடத்திலிருந்து இரண்டு மணிக்கு மேல் ஏறிவிடுகிறது.

நேரத்தின் நீளமும் துண்டுகளும்

ஒரே அளவு நேரம் என்றாலும் அது எப்படிக் கிடைக்கிறது என்பதில் வித்தியாசம் உண்டு. ரயிலில் நாலேகால் மணி நேரம் ஒரே துண்டாகக் கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்துக்கே காபியும் சிற்றுண்டியும் வரும். மடிக்கணினியைத் திறந்து ஓர் அறிக்கையை எழுதி முடிக்கலாம், தூங்கவும் செய்யலாம். விமானப் பயணத்தின் ஐந்தரை மணியோ டாக்சி, வரிசை, தட்டு, நாற்காலி, பேருந்து, இருக்கை, பெல்ட், மறுபடி டாக்சி என்று நறுக்கிய வெண்டைக்காய்போல ஆகிவிடுகிறது. அதில் தொடர்ந்து ஒரு வேலை பார்க்கக் கிடைக்கும் மிக நீண்ட துண்டு வானில் இருக்கும் முக்கால் மணி நேரம்.

இரவு வண்டியில் இந்தக் கணக்கே வேறு. பெங்களூரு மெயில் சென்ட்ரலில் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் கிளம்பி அதிகாலையில் பெங்களூரு சேர்கிறது. கடிகாரப்படி இதுதான் மெதுவான வழி. ஆனால் பகலில் ஒரு நிமிடம்கூடச் செலவாகவில்லை. ஐந்து மணிக்கு முன்பே இறங்கிவிட்டு, பத்து மணிவரை எங்கே இருப்பது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ரயிலுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் உண்டு. காலையில் ஒரு விரைவு வண்டி, மாலையில் ஒன்று என்று இருக்கும் இடத்தில், நம் வேலை நண்பகலில் முடிந்தால் வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் பயணக் கணக்கில்தான் எழுத வேண்டும். இந்த வண்டிகளில் சில வாரத்துக்கு ஒரு நாள் ஓடுவதில்லை. முன்பதிவு 60 நாள் முன்னதாகவே திறக்கிறது. பண்டிகை வாரங்களில் திறந்த அன்றே காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். விமானங்கள் நாள் முழுக்கப் பறக்கின்றன. முந்தின நாள் இரவிலும் டிக்கெட் கிடைக்கும், விலைதான் நம்மைச் சோதிக்கும்.

எனவே டிக்கெட் வாங்கும்முன் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிப் பார்த்தால் போதும். வீட்டிலிருந்து நிலையம்வரை, மோசமான நாளில் எவ்வளவு நேரம்? கெடுவுக்காக எவ்வளவு முன்னதாகப் போக வேண்டும்? அட்டவணைப்படி வண்டியில் எவ்வளவு நேரம்? இறங்கியபின் கடைசி வாசல்வரை, வழக்கமான நாளில் எவ்வளவு நேரம்? பெட்டியை ஒப்படைப்பதானால் விமானத்தின் பக்கம் ஐம்பது நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மொத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் அரை மணிக்குள் இருந்தால், நேரத்தை மறந்துவிட்டு விலையையும் வசதியையும் பார்த்து முடிவு செய்யலாம். ஒரு மணிக்கு மேல் என்றால் வேகமானதிலேயே போகலாம்.

இந்தக் கணக்கும் நிரந்தரம் இல்லை. கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஹெப்பாள் வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு மெட்ரோ தடம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது ஓடத் தொடங்கினால் ‘மோசமான நாள்’ என்று நாம் சேர்க்கும் அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் தேவைப்படாது. அப்போது மாலைப் பயணத்தில் விமானம் மறுபடி முந்தும். அதுவரை, எம்.ஜி. சாலைக்குப் பெட்டியோடு போகும் அண்ணா நகர்க்காரர் ரயிலில் போவதால் இழப்பது இருபது நிமிடம். ஹெப்பாளுக்குக் கைப்பையோடு போகும் தாம்பரத்துக்காரர் ரயிலில் போனால் இழப்பது மூன்று மணி நேரம்.